தாங்கித் தாங்கி நடக்கும் நிலா

படகுப் பட்டறையில் அவருக்குப் பேர் மூட்டை. புளுகுமூட்டை என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லாததால் பாதியாக நறுக்கிவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உழைத்துச் சம்பாதித்த பெயர் அது.

தொழில் கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கின உளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கி, மேலே சூடான கீல் பூச வேண்டும். சந்து நிறைந்ததா என்று உளியின் சத்தமே சொல்லிவிடும். நாள் முழுக்கப் படகின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடக்கிற வேலை. தட்டுகிற கை தட்டிக்கொண்டே இருக்கும், மனசு எங்கேயோ மேயப் போய்விடும். மேய்ந்துவிட்டு வரும்போது வாயில் ஒரு புளுகைக் கவ்விக்கொண்டு வரும். விசிலடித்தால் கீல் சீக்கிரம் காயும் என்று ஒருமுறை மேஸ்திரியிடம் சொல்லிவைத்தார். பாவம், மூன்று நாள் பட்டறையைச் சுற்றிச் சுற்றி விசிலடித்தார் மேஸ்திரி. நாலாம் நாள் உண்மை தெரிந்தபோது கையில் சுத்தியல் இருந்தது.

அப்படிப்பட்டவர் அந்த டிசம்பரில் ஒரு நிஜத்தைச் சொன்னார். யார் காதில் ஏறும்?

விஷயம் அவருடைய தங்கச்சியின் படகு. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றுகிற படகு அது. தங்கச்சிதான் ஓட்டுவாள். அடிப்பலகை உளுத்துப்போய் செப்டம்பரில் பட்டறைக்கு வந்தது. வெறுமனே வந்துவிடவில்லை. கழிமுகத்து ஓரத்தில் சேற்றுமேட்டின் உச்சியில் இருக்கிறது பட்டறை. சாதாரண நாளில் தண்ணீர் மேட்டின் காலைத் தொட்டுவிட்டு மரியாதையாகத் திரும்பிவிடும். பௌர்ணமியோ அமாவாசையோ கழிந்து ஓரிரண்டு நாளில் வருகிற பெரிய ஏற்றத்தில்தான் உச்சிவரை ஏறும். படகை மேலே ஏற்ற அந்த ஏற்றம் வேண்டும், இறக்கவும் அதே வேண்டும். மேஸ்திரி தன் அறைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்: பௌர்ணமி செப்டம்பர் 2, படகு ஏற்றியது 4.

வேலை டிசம்பர் கடைசியில் முடிந்தது. ஜனவரி ஐந்தாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்றைக்குக் காலையில் படகு துறையில் நிற்காவிட்டால் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று துறை அலுவலகம் கறாராகச் சொல்லியிருந்தது. படகு இல்லாத நாலு மாதமும் கயிற்றுக் கொட்டகையில் நார் திரித்துத் திரித்துத் தங்கச்சியின் உள்ளங்கை செருப்புத் தோலாகியிருந்தது.

"கவலைய விடும்மா. சுவத்துல என்ன எழுதியிருக்கு? பௌர்ணமி ரெண்டு. மாசத்துக்கு ஒரு பௌர்ணமி. அப்ப ஜனவரி ரெண்டு பௌர்ணமி, நாலாந்தேதி பெரிய ஏத்தம். நாலு இறக்குறோம், அஞ்சு நீ ஓட்டுற. முடிஞ்சுது" என்றார் மேஸ்திரி.

ஏற்ற நேரம் அச்சடித்த புத்தகம் ஒன்று ஆணியில் தொங்கியதுதான். கூரை ஒழுகி, அக்டோபருக்கு அப்புறம் எல்லாத் தாளும் ஒட்டி ஒரே அடையாகிவிட்டது. சுழற்றுகிற டெலிபோன் மழைக்கு ஊமையாகிப் பதினைந்து நாள். ஆகாயத்தைப் பார்க்கலாமென்றால் நவம்பர் பாதியிலிருந்து மூட்டம். பகலும் இரவும் ஒரே நரைத்த கம்பளி. நிலா என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

படகுக்கடியில் படுத்திருந்த மூட்டைக்கு மேஸ்திரி சொன்னது கேட்டது. உளி நின்றது.

கண்ணை மூடினார். மூட்டத்துக்கு மேலே நிலா நடந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. அது எப்போதும் நேராக நடந்ததில்லை. ஒரு கால் கொஞ்சம் குட்டை, ஒரு கால் கொஞ்சம் நீளம். ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பது, அடுத்த சுற்றுக்கு முப்பது, மறுபடி இருபத்தொன்பது. தாங்கித் தாங்கி, ஆனாலும் நிற்காமல். செப்டம்பர் ரெண்டிலிருந்து இருபத்தொன்பது, அக்டோபர் ஒன்று. முப்பது, அக்டோபர் முப்பத்தொன்று. இருபத்தொன்பது, நவம்பர் இருபத்தொன்பது. முப்பது.

வெளியே உருண்டு வந்தார். முகமெல்லாம் கீல்.

"மேஸ்திரி, பௌர்ணமி டிசம்பர் இருபத்தொம்பது. பெரிய ஏத்தம் முப்பது, முப்பத்தொண்ணு. நாலாந்தேதின்னா தண்ணி வந்து எட்டிக்கூடப் பாக்காது. அப்புறம் அமாவாசை வரைக்கும் காத்துக் கிடக்கணும், பதிமூணாந்தேதி."

"விசிலடிச்சா முன்னாடியே வருமா?" என்றார் மேஸ்திரி.

பட்டறையே சிரித்தது. மூட்டையும் சேர்ந்து சிரித்தார், பழக்கதோஷம். சிரித்து முடித்துத் திரும்பினால் தங்கச்சி சிரிக்காமல் நின்றிருந்தாள்.

"அண்ணே, இதுல விளையாடாத."

"விளையாடல."

"இப்படித்தான் சின்ன வயசுல நிலாவுக்கு ஒரு கால் குட்டைன்னு சொன்ன. நானும் நம்பி அதுக்கு ஒரு செருப்பு தச்சு வெச்சேன்."

"அது ஒண்ணுதான் நான் சொன்னதுலயே நிஜம்."

அவள் கயிற்றுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். மேஸ்திரி ஜனவரி மூன்று வரை விடுமுறை என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூட்டை தனியாகப் படகுக்குக் கடைசிக் கீலைப் பூசினார். சத்தியம் பண்ணலாமா என்று யோசித்தார். இதுவரை பண்ணின சத்தியங்களின் கதி நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டார்.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்தார். தங்கச்சி நார் திரித்துக்கொண்டே நிமிராமல் கேட்டாள்.

"என்ன, அடுத்த புளுகா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மூட்டம் போடுறதுக்கு முன்னாடி, கடைசியா நீ முழு நிலா பாத்தது எப்ப?"

"எவ கண்டா?"

"யோசி. நான் சொல்லல, நீ சொல்லு."

திரிக்கிற கை மெதுவானது. கொட்டகைக்குள் நார்த்தூசி மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒரு நாள் கயிறு இருப்பெடுத்து முடிக்க நேரமாயிடுச்சு. பாலத்து வழியா நடந்தே வீட்டுக்குப் போனேன். டார்ச்சே அடிக்கல. பாலம் பூரா பால் கொட்டின மாதிரி. தண்ணியில எம் படகு இருந்த இடம் காலியாத் தெரிஞ்சுது. அப்பத்தான் அழுதேன்." சட்டென்று நிறுத்தினாள். "அழல. கண்ணுல தூசி."

"நார்த்தூசி" என்றார் அண்ணன், ரொம்ப அக்கறையாக. "இருப்பு எப்ப எடுப்பாங்க?"

"மாசக் கடைசி நாள். அது அக்டோபர். முப்பத்தொண்ணு."

சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்தாள். மேஸ்திரி கணக்குப்படி பௌர்ணமி ரெண்டாம் தேதி அல்லவா வரவேண்டும்? அவள் பார்த்தது முப்பத்தொன்று. நாரைக் கீழே வைத்தாள். விரலை மடக்க ஆரம்பித்தாள். வாய் முணுமுணுத்தது. இருபத்தொன்பது நாள், நவம்பர் இருபத்தொன்பது. அடுத்தது முப்பது நாள். கடைசி விரல் மடங்கினபோது அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கா?"

"நாளைக்குப் பௌர்ணமி. தண்ணி அதுக்கு ஒருநாள் ரெண்டுநாள் கழிச்சு. எண்ணிச் சொல்றதுதானே, அரைநாள் ஒருநாள் முன்னப்பின்ன ஆகும். முப்பதும் பாப்போம், முப்பத்தொண்ணும் பாப்போம்."

முப்பதாம் தேதி கொட்டகைப் பெண்கள் ஒன்பது பேரைத் தங்கச்சி கூட்டிக்கொண்டு வந்தாள். படகுக்கடியில் உருளைக் கட்டைகள் போட்டு, அவற்றுக்குக் கொழுப்புத் தடவி, எல்லோரும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். பதினொரு மணிக்குத் தண்ணீர் மூட்டத்துக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்தது. சேற்று நண்டுகள் பொந்துக்குள் ஒளிந்தன. மேட்டின் காலைக் கடந்தது, இடுப்பைக் கடந்தது, கடைசி உருளைக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. கொஞ்சம் யோசித்தது. திரும்பிவிட்டது.

"மூட்டை அவிழ்ந்துடுச்சுடீ!" என்றாள் ஒருத்தி. "எங்க அரைநாள் வேலைய முழுங்கிட்டாரு உங்கண்ணன்!"

மூட்டைக்குப் பதில் வாய்வரை வந்தது. வழக்கமான ரகம், நல்ல புளுகு. அதை விழுங்கிவிட்டு, தண்ணீர் விட்டுப்போன ஈரக்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நாலு விரல் இடைவெளியில் தங்கச்சியின் படகுத் தடம் முழுசும் கிடந்தது.

"நாளைக்கும் வருவீங்களாடீ?" என்று தங்கச்சி அந்தப் பெண்களைக் கேட்டாள்.

"இன்னும் நம்புறியா இந்தாள?"

"அவர நம்பல. நானே எண்ணினேன்."

அது போதுமாக இருந்தது மூட்டைக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டு, காய்ந்திருந்த கீலை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார்.

முப்பத்தொன்றாம் தேதி ஆறு பேர்தான் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னே, நேற்றை விடத் தாமதமாக, தண்ணீர் வந்தது. நேற்றைய ஈரக்கோட்டை ஒன்றுமில்லாததுபோல் தாண்டியது. முதல் உருளை மிதந்தது. இரண்டாவது. படகின் பின்பக்கம் தூக்கத்தில் புரள்கிற குழந்தைபோல ஒருதரம் அசைந்தது.

"தள்ளு! தள்ளுங்க தாயி!"

எட்டு முதுகுகள் வளைந்தன. படகு உறுமியது, சேற்றை விட்டது, வழுக்கியது. அப்புறம் எடை என்பதே மறந்துபோய் மூட்டத்துக்குள் மிதந்து நின்றது. தள்ளின வேகத்தில் மூட்டை குப்புற விழுந்து மார்பளவு தண்ணீரில் எழுந்தார். தங்கச்சி எப்படி ஏறினாளோ, துடுப்போடு உள்ளே நின்றிருந்தாள். குனிந்து அடிப்பலகையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை.

ஜனவரி நாலாம் தேதி மேஸ்திரி புதுச்சட்டையோடு, நாலு ஆளோடு வந்தார். மேடு காலி. தண்ணீர் மேட்டின் கால்வரைகூட வராமல் தூரத்தில் பளபளத்தது. அவர் அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார்.

"விசிலடிச்சுப் பாக்கலாமா, மேஸ்திரி?" என்றார் மூட்டை.

ஐந்தாம் தேதி காலையில் துறையில் படகு நின்றது. பள்ளிக்கூடப் பைகளோடு பிள்ளைகள் ஏறி, இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள். மூட்டையும் கடைசியில் ஏறி உட்கார்ந்தார். அக்கரையில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. நடு ஆற்றில் மூட்டம் கொஞ்சம் விலகி, நரைத்த ஆகாயத்தில் தேய்ந்த நிலாத்துண்டு பகலிலேயே வெளிறித் தெரிந்தது. மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அடுத்த பௌர்ணமி எப்ப?" துடுப்பை வலித்தபடியே தங்கச்சி கேட்டாள்.

"பதினேழாந்தேதி" என்றார், முகம் மாறாமல்.

அவள் துடுப்பை மடியில் கிடத்தினாள். படகு தானாகப் போனது. விரலை மடக்கினாள், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

"புளுகு" என்றாள். "இருபத்தேழு, இருபத்தெட்டு."

மூட்டை தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.