குழாய்த் திருகும் நன்றியுரையும்

முத்துசெல்வத்துக்கு ஒருத்தர் பெயர் விட்டுப்போனால் சோறு இறங்காது. கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியில் பண்டல் கட்டுகிறவன். டசனில் ஒரு பெட்டி குறைந்தாலும் கையில் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவான். தன் கல்யாணப் பத்திரிகையை, தெருவைக் காலிசெய்து போன ஒரு குடும்பத்தைத் தேடி மணியாச்சி வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தான். அவர்கள் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அதனால்தான் 1999-இல், தெரு மாரியம்மன் கோயில் வருஷாபிஷேக விழாவின் நன்றியுரையை அவன் தலையில் கட்டினார்கள்.

முந்தின வருஷம் அதைப் பேசியவர் தர்மகர்த்தா ராஜமணி. முக்கால் மணி நேரம் பேசினார். அதில் தன் மருமகனுக்கு மட்டும் மூன்று தடவை நன்றி சொன்னார். கடைசியில், எவர் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி வழக்கம்போலக் கேட்டுக்கொண்டார். விடுபட்டது ஒரே ஒரு பெயர். அபிஷேகத்துக்கும் சமையலுக்கும் கை கழுவவும் தண்ணீர் கொண்டுவந்த லாரிக்காரர் பத்திரகாளியின் பெயர். அதற்குப் பிறகு அவர் லாரி அந்தத் தெருவைக் கடக்கும்போது ஹாரன்கூட அடிப்பதில்லை.

இந்த வருஷம் நாலு பேர் போய்க் கெஞ்சி அழைத்துவந்தார்கள். காலையில் அபிஷேகத்துக்கும் சமையலுக்கும் குறைவில்லாமல் கொடுத்தார். சாயங்காலம் மேடை நிகழ்ச்சி தொடங்கியதும், குழாய்த் திருகைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் பேரு மைக்குல வரணும். வந்தா தொறக்குதேன். வரலைன்னா பந்திக்குத் தண்ணி இல்ல. அம்மன் சாட்சி."

முத்துசெல்வத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. மூன்று நாள் வீடுவீடாகப் போய், இனிஷியல் உள்படக் கேட்டு, நாற்பத்து மூன்று பெயர் எழுதி வைத்திருந்தான். வீட்டில் கடிகாரம் வைத்துப் படித்துக் காட்டியபோது ஆறரை நிமிஷம் ஆனது.

"பசிச்சவன் காதுக்கு அது அரை நாளு," என்றாள் அவன் மனைவி சுகுணா.

மேடையில் அந்த ஆறரை நிமிஷம்கூட மிச்சமில்லை. கழுகுமலையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் பேசி, பாயசத்தில் ஆடை படிய வைத்துவிட்டார். ராஜமணி அவன் முழங்கையைக் கிள்ளினார். "ரெண்டே நிமிசம் தம்பி. சாம்பார் ஆறுது."

நாற்பத்து மூன்று பெயரும் ரெண்டு நிமிஷத்துக்குள் அடங்காது. ஒரு பெயரை வெட்டினால் இன்னொரு பத்திரகாளி உண்டாவார். முத்துசெல்வம் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். சில்லறைப் பெட்டியாக எண்ணிக் கொடுத்தால் பொழுது விடியும். டசனாகத்தான் கட்டவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். அம்மனுக்கும் விருந்தினருக்கும் ஒரு வரியில் நன்றி சொன்னான்.

"இனி நான் வேலையச் சொல்லுதேன். செஞ்சது யாருன்னு நீங்க எல்லாரும் சேந்து சொல்லுங்க."

பந்தல் என்றான். நாலைந்து பெயர் ஒரே சத்தத்தில் வந்து விழுந்தன. அதில் அழகிரிசாமி பெயர் உரக்கக் கேட்டது. மைக்செட் என்றதும், மைக்செட்காரரே தன் பெயரை முந்திக்கொண்டு சொன்னார். கோலத்துக்கு வெயிலம்மாளும் ஆவுடைத்தாயும் அவரவர் பெயரை அவரவரே கூவினார்கள். ஒருத்தி புள்ளி, ஒருத்தி கோடு, ரெண்டும் சரிதான். பாத்திரம் தேய்ப்பு என்றதும் கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு பாண்டியம்மாளை இழுத்து நிறுத்தியே காட்டியது. சமையல், பூ, வசூல் என்று மற்ற வேலைகளும் இப்படியே போயின.

ராஜமணி பக்கத்தில் குனிந்து, மாப்பிள்ளை பெயர் வரவில்லையே என்றார்.

"அவிய செஞ்ச வேலையச் சொல்லுங்க அண்ணாச்சி. கேட்டுருவோம்."

ராஜமணி எண்ணிச் சொல்ல ஒரு விரலை மடக்கினார், உடனே நீட்டிவிட்டார். பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

"கடைசியா, தண்ணி."

அத்தனை வயிறும் சேர்ந்து கத்தியது. "பத்திரகாளி" என்ற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். பத்திரகாளி மட்டும் அசையவில்லை.

"மைக்குல வரணும்னுல்லா சொன்னேன்," என்றார் படியிலிருந்தே.

அது நியாயம்தான். முத்துசெல்வம் மைக்கைக் கம்பியிலிருந்து உருவி, கூட்டத்தின் பக்கமாக நீட்டினான். இன்னொரு தடவை கத்தினார்கள். வேப்பமரத்துக் குழாய் ஒலிபெருக்கி வீலென்று அலறி, அவர் பெயரைக் கரிசல்காடு வரை கொண்டுபோனது. பத்திரகாளி எழுந்து, வேட்டியை உதறி, திருகை மாட்டித் திறந்தார்.

நன்றியுரை ரெண்டு நிமிஷத்துக்குப் பத்து விநாடிதான் கூடியிருந்தது. முத்துசெல்வம் பந்தலோரம் நின்று தாளை விரித்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தான். நாற்பத்து மூன்றும் வந்திருந்தன. அதன் பிறகே கடைசிப் பந்தியில் உட்கார்ந்தான்.

கை கழுவ வந்தவனுக்குப் பத்திரகாளியே செம்பில் மொண்டு ஊற்றினார்.

"ஏலே, எல்லாருக்கும் நன்றி வந்துச்சு. ஒனக்கு யாரும் சொல்லலியே."

முத்துசெல்வம் ஈரக்கையோடு பையிலிருந்த தாளைத் தொட்டான். உண்மைதான், அவன் பெயர் அதில் இல்லை.

"நான் சொல்லுதேன்," என்றார் பத்திரகாளி. "மைக்கு இல்லாம சொன்னா ஒத்துக்கிடுவியா?"