அலமாரியில் பூட்டிய சர்டிபிகேட்

பி.ஏ.யில் முதல் வகுப்பு வாங்கியிருந்தேன். சென்னையில் எம்.ஏ. படிக்க மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அப்பா என்னைத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். சேர்ந்த அன்றே அசல் சர்டிபிகேட்டுகளை மேனேஜர் வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டினார். அங்கே அதுதான் வழக்கம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பாவே எடுத்து நீட்டினார்.

மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் அசல் சர்டிபிகேட்டுகளோடு வந்து சேர வேண்டுமாம். மேனேஜரிடம் ஓடினேன்.

“மூணு மாச நோட்டீஸ் குடும் தம்பி. பொறவு தாரேன்” என்றார்.

அப்பாவிடம் போய் அழுதேன்.

“கெடச்ச வேலைய விட்டுட்டு, எம்.ஏ. படிச்சு என்னத்தலே கிழிக்கப் போற?” என்றார். நோட்டீஸ் சமாச்சாரம் அவருக்கு முதல் நாளே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான்கு வருஷம் கழித்துப் புது மேனேஜர் வந்தார். என்னைவிட இளையவர், எம்.ஏ. படித்தவர். அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது என் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டார்.

“ஃபர்ஸ்ட் கிளாஸா! பின்ன ஏன்வே மேல படிக்கல?”

“அத இங்கன வச்சுப் பூட்டிட்டாங்க சார்.”

அடப்பாவமே என்று உச்சுக்கொட்டினார். பிறகு அதைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டினார்.