படம், டேபிள் ஃபைனல் டூ

தல்லாகுளத்தில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில்தான் அந்த யோசனை வந்தது. என்னோடு கல்லூரியில் படித்த நண்பன், பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறான். பிறவியிலிருந்தே அவனுக்குப் பார்வை இல்லை. டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை என் காதருகே நீட்டினான்.

“கேளு மாப்ள, உங்க லட்சணத்த.”

திரையில் இருப்பதையெல்லாம் குரலில் சொல்லும் செயலி எங்கள் இணையதளத்தின் அன்றைய செய்தியை வாசித்துக்கொண்டிருந்தது. கால்வாயில் தண்ணீர் திறப்பு, எந்தப் பகுதிக்கு எப்போது என்பது கீழே உள்ள அட்டவணையில். அதுவரை ஒழுங்காக வந்த குரல், படமாகப் போட்டிருந்த அட்டவணை வந்ததும் கோப்பின் பெயரோடு இப்படிச் சொன்னது: “படம். டேபிள் ஃபைனல் டூ. மதுரை செய்தி. இன்றைய செய்தி. தண்ணீர் திறப்பு செய்தி.”

“ஃபைனலா தொறந்துட்டாக போல. எங்க தொறந்தாகன்னு மட்டும் சொல்ல மாட்டாக,” என்றான்.

சிரித்தேன். டீ முடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் வீட்டு நிலம் மேலூர்ப் பக்கம், கால்வாயின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. பாதி அண்ணனுக்கு, பாதி இவனுக்கு. ஒவ்வொரு வருஷமும் அண்ணன் செய்தி பார்த்துவிட்டு வந்து, ‘தண்ணி வருது, நாத்துப் பாவிடலாம்’ என்பார். இவன் பங்கிலும் சேர்த்து நெல்தான். இந்த முறை, தன் பங்குக்குத் தானே படித்து முடிவெடுப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான். தண்ணீர் உறுதி என்றால் நெல், இல்லையென்றால் உளுந்து.

இனி எங்கள் தளத்தில் வரும் எல்லா அட்டவணைக்கும் நானே மாற்று உரை எழுதிவிடுவது என்று படியேறும்போதே முடிவு செய்துவிட்டேன். படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கு அதற்குப் பதிலாக வாசிக்கப்படும் சொற்கள். படத்துக்குக் கீழே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரே வரியில் சுருக்கம். இதில் என்ன கஷ்டம்?

செய்திப் பிரிவை நடத்தும் அக்கா தலை நிமிராமல், “எழுது. யாரு வேணாங்குறா?” என்றார்.

மாற்று உரைக்கான பெட்டியை எங்கள் அலுவலகத்தில் யாரும் அதற்கென்று பயன்படுத்தியதில்லை. தேடலில் செய்தி மேலே வருவதற்காக, அந்த வேலை பார்ப்பவர் நாலைந்து சொற்களை அதில் கொட்டிவிடுவார். அதையெல்லாம் அழித்துவிட்டு அட்டவணையைக் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்தேன். இரண்டாவது பகுதிக்கு வரும்போதே பெட்டி நிரம்பிவிட்டது. நம் எழுத்தில் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாகக் கணக்காகின்றன. ‘கோ’ என்றால் அதற்கு இரண்டு எழுத்து. பெட்டி பெரிதாக இருந்திருந்தாலும் பயனில்லை. அவ்வளவையும் ஒரே மூச்சில் வாசித்தால் கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? நடுவில் நிறுத்திப் பின்னால் போகவும் வழியில்லை.

அடுத்து எழுதியது: ‘அணைத் தண்ணீர் எந்தப் பகுதிக்கு எப்போது கிடைக்கும் என்பதைக் காட்டும் அட்டவணை.’ உண்மைதான். டப்பாவுக்குள் சாப்பாடு இருக்கிறது என்பது போன்ற உண்மை.

பிறகு இது வந்தது: ‘தலைமடைக்குத் தொடர்ந்தும் மற்ற பகுதிகளுக்கு முறை வைத்தும் தண்ணீர் விடப்படும்.’ எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சேமிக்கும் முன்னால் ஒருமுறை படத்தைப் பார்த்தேன். கடைமடை வரிசையில் இரண்டு கட்டங்களை ஒன்றாக இணைத்து, மஞ்சள் பூசியிருந்தார்கள். உள்ளே ‘முறை’ என்று எழுதியிருந்தது. நடுப்பகுதியிலும் அதே ‘முறை’, ஆனால் வெள்ளை. மஞ்சள் என்றால் என்ன?

வடிவமைப்பாளரிடம் கேட்டேன். “வந்த தாள்ல அப்படித்தான் இருந்துச்சு. நான் கலர் மாத்தல.”

நிருபருக்குப் போன் போட்டேன். மாட்டுத்தாவணியில் பூ விலை விசாரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரே இரைச்சல். “மஞ்சளா? மல்லி விலையக் கேட்டா சொல்றேன். மஞ்சள யாருப்பா பாத்தா?”

யாரும் பார்க்கவில்லை. பார்வை உள்ள அத்தனை பேரும் அந்த அட்டவணையைத் தாண்டிப் போயிருந்தோம். ஒரு வரியில் எழுத உட்கார்ந்தபோதுதான் அதை ஒருவரும் படிக்கவில்லை என்பது தெரிந்தது. நிருபர் ஒருவழியாக விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தார். அணையில் போதிய நீர்மட்டம் இருந்தால் மட்டும்தான் மஞ்சள் கட்டத்துக்குத் தண்ணீர். என்றைக்கு முடிவு என்று கேட்டால், “மட்டத்தப் பாத்துத் திருத்தி அறிவிப்பாகளாம். அம்புட்டுத்தான்.”

வாக்கியத்தைத் திருத்தினேன்: ‘தலைமடைக்குத் தொடர்ந்தும், நடுப்பகுதிக்கு முறை வைத்தும், கடைமடைக்கு அணையில் நீர்மட்டம் இருந்தால் மட்டும் முறை வைத்தும் தண்ணீர் விடப்படும்.’ சுருக்கமாகக் கீழே போட்டேன். இன்னும் கொஞ்சம் குறுக்கி மாற்று உரைப் பெட்டியிலும் போட்டேன். நண்பனை அழைத்து வாசித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்கு. கடைமடைக்கு எந்த வாரம்?”

சொன்னேன்.

“நடுவுல உள்ளவங்களுக்கு?”

அதையும் சொன்னேன்.

“இப்ப நீ வாசிக்கிற, நான் கேக்குறேன். எங்கண்ணன் வாசிச்சாலும் இதேதான மாப்ள?”

வாக்கியத்தில் தவறில்லை. ஆனால் அட்டவணை என்பது, வேண்டிய கட்டத்துக்கு நாமாகப் போய்ப் பார்ப்பது. எவ்வளவு நல்ல வாக்கியமும் அதைத் தராது.

“சரி, சாயந்திரம் வீட்ல எல்லார் முன்னாடியும் ஓட விடுறேன். உன் வரியாவது என் போன்ல வரட்டும்,” என்றான்.

மாலையில் அவனே என்னை அழைத்தான். பின்னால் அவன் அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது. “மாப்ள, இப்ப டேபிள் ஃபைனல் த்ரீ.”

தளத்தைத் திறந்து பார்த்தேன். மதியம் படத்தில் எங்கள் முத்திரை விடுபட்டிருப்பதை யாரோ கவனித்து, படத்தையே மாற்றியிருந்தார்கள். பழைய படத்தோடு என் மாற்று உரையும் போய்விட்டது. புதிய பெட்டியில், தேடல் வேலை பார்ப்பவர் வழக்கம்போல மதுரை செய்தி, இன்றைய செய்தி என்று கொட்டியிருந்தார். சுருக்க வரியையும் காணோம். அது படத்தோடு ஒட்டியே வருவது. யாரிடம் கோபப்படுவது? ஒவ்வொருவரும் அவரவர் வேலையைத்தான் சரியாகச் செய்திருந்தார்கள்.

போன் நண்பனின் அண்ணன் கைக்குப் போயிருந்தது. “தம்பி, ஒங்க பேப்பர நம்பி ஒருத்தன் ஒக்காந்திருக்கான். என் விதைய ஊறப் போட்டாச்சு. இவன் மூட்டைய மட்டும் பிரிக்க விட மாட்டேங்குறான்.”

“அண்ணே, கடைமடைக்கு உறுதி இல்ல,” என்றேன்.

“அத நீங்க சொல்றீக. இவன் தானே வாசிக்கிறேன்னுல சொன்னான்? திருத்தி வருதாம்ல, அதுவரைக்கும் மூட்ட கெடக்கட்டும். அதயும் இவனா வாசிக்கலேன்னா இவன் மூட்டையயும் ஊறப் போட்டுருவேன்.”

மறுநாள் அக்காவிடம் போய், இனி அட்டவணையைப் படமாகப் போடவே வேண்டாம் என்றேன். “எழுத்தா போட்டா போன்ல ஓரம் வெட்டிக்கும். எத்தன தடவ பட்டாச்சு? அதான் படம்,” என்றார். எனக்கும் தெரியும். அங்கிருந்து நகராமல் நின்றேன். “ஒண்ணே ஒண்ணு. செஞ்சு காட்டு, அப்புறம் பாக்கலாம்,” என்றார்.

திருத்திய அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்ததும் அதைப் பக்கத்திலேயே எழுத்தாக, உண்மையான அட்டவணையாகக் கட்டப்போகிறேன். மேல் வரிசையும் இடது ஓரமும் தலைப்பு என்று குறித்துவிட்டால், எந்தக் கட்டத்துக்குப் போனாலும் எந்தப் பகுதி, எந்த வாரம் என்று குரலே சொல்லும். இணைந்த கட்டங்களைப் பிரித்து இரண்டிலும் எழுத வேண்டும். நிறம் கிடையாது, மஞ்சளின் இடத்தில் ‘நீர்மட்டம் இருந்தால்’ என்ற சொற்கள். மேலே அந்த ஒரு வரி. ஓரம் வெட்டாமல் இருக்க, வாரங்களைக் கீழாகவும் பகுதிகளைக் குறுக்காகவும் திருப்பிப் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம். பகுதிகள் மூன்றே மூன்றுதான்.

அறிவிப்பு வரும் அன்று, நண்பன் பள்ளி விட்டதும் நேரே அலுவலகத்துக்கே வாரேன் என்றிருக்கிறான். வெளியிடும் முன்னால் அவன் போனில் திறக்க வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.