ஆதாருக்கு முன்னால் ஒரு சான்றிதழ்

கல்லூரி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களின் பெயர்களைத் திருத்திக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். மும்பையில் எங்கள் செம்பூர் காலனியில் யாருக்கு எந்தப் படிவம் தேவைப்பட்டாலும் முதலில் என் வீட்டு மணிதான் அடிக்கும். வங்கி மேலாளர் கூட ஒருமுறை அடித்திருக்கிறார்.

சயானுக்கு அந்தப் பக்கம், லேபர் கேம்ப் குடியிருப்பில் ரவிக்கை தைக்கிற அம்மாள் அன்று அளவு நாடா இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். கூடவே அவளுடைய மூத்த பெண். பள்ளிப் பதிவேட்டில் அவள் ஆண். அதில் இருக்கும் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளும் அதை விட்டுவிட்டாள். பள்ளியிலேயே தொழிற்பிரிவில் லேப் டெக்னீஷியன் படித்தவளுக்கு எங்கள் பக்கத்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. சேர இரண்டு மாத அவகாசம். சேரும் நாளில் எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு வேலை.

“ஏஜென்டு ஒருத்தன் நாளைக்கே ஆதார மாத்தித் தாரேன்னு சொல்லுதான் மாமி. ஆதாரு மாறிட்டா மத்ததெல்லாம் தானா மாறிருமில்ல?” என்றாள் தாய்.

“மாறாது. ஆதார்ல ஒரு பேரு, மார்க் ஷீட்ல ஒரு பேருன்னு ஆயிடும். அப்புறம் ரெண்டும் ஒரே ஆள்தான்னு யார் நிரூபிக்கறது? உன் ஏஜென்ட்டா?”

வரிசையைச் சொன்னேன். முதலில் கலெக்டர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழ். அதைக் கொண்டு பள்ளியிலும் தேர்வு போர்டிலும் மார்க் ஷீட் திருத்தம். பிறகு ஆதார். ஆதார் மாறிய பிறகே பான் கார்டு, வங்கிக் கணக்கு. சான்றிதழுக்கு மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பம். கூடவே தன் பாலினம் இன்னது என்று தானே சொல்லும் பிரமாணப் பத்திரம்.

தாய் குரலைத் தாழ்த்தினாள். “டாக்டரு எவனும் பார்க்கணுமா மாமி?”

“வேண்டாம். இவ சொல்றதுதான் சாட்சி.” அன்றைய விதி அப்படித்தான் இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ‘பெண்’ என்றே மாற்ற விரும்பினால் மட்டும் மருத்துவமனைச் சான்றுடன் தனி விண்ணப்பம் போட வேண்டும்.

“இப்போதைக்கு திருநங்கைன்னே இருக்கட்டும். அது சலேகா, பரவாயில்ல,” என்றாள் பெண். தாய் அப்போதுதான் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தாள்.

விண்ணப்பத்தை என் கணினியில் நானே நிரப்பினேன். பிறர் தட்டச்சு செய்தால் எனக்குப் பிடிக்காது. ஒன்பதாம் நாள் அது திரும்பி வந்தது. நான் மாவட்டம் என்ற இடத்தில் மும்பை புறநகர் என்று தேர்ந்தெடுத்திருந்தேன். முப்பது வருடமாக என் விலாசத்தை நிரப்பிய விரல், தானாகவே அங்கே போய் நின்றிருக்கிறது.

பெண் திரையைப் பார்த்துச் சிரித்தாள். “அரே மாமி, நீங்க சபர்பன். நாங்க சிட்டி மாவட்டம். சயான் தாண்டினா கலெக்டரே வேற!”

“அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“உங்ககிட்ட யாரு சொல்லுவா?” என்றாள் தாய், பதிலுக்குக் காத்திராமல்.

ஒன்பது நாள் போயிற்று. இரண்டாம் முறை அவளே நிரப்பினாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அதிலிருந்து மூன்றாம் வாரம் சான்றிதழும் அடையாள அட்டையும் இணையதளத்திலேயே வந்தன. புதுப் பெயரைத் தாய் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

பள்ளி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா பெயர் மாற்றத்துக்குக் கெஜட் அறிவிப்பு கேட்டார். விதியின் நகலை அவர் மேசையில் வைத்தேன். “கலெக்டர் கொடுத்த சான்றிதழே போதும்னு இதுல இருக்கு. படிச்சுப் பாருங்க, நான் காத்திருக்கேன்.” ஒரு டீ குடிக்கும் நேரம் படித்தார். பிறகு பழைய மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு போர்டுக்குக் கடிதம் போட்டார். புதியது அதே தேர்வு எண்ணோடு வந்தபோது வேலையில் சேர நான்கு நாள் மிச்சம். அன்றே ஆதார் மையத்தில் சான்றிதழைக் காட்டிப் பெயரையும் பாலினத்தையும் திருத்தக் கொடுத்தாள். அட்டை வர நாளாகும். ஒப்புகைச் சீட்டு கையில் இருந்தது. பான் கார்டு அதற்குப் பிறகு.

சேரும் நாளில் தாயோடும் பெண்ணோடும் நானும் போனேன், அழைக்காமலே. பணியாளர் பிரிவுப் பெண் சான்றிதழ், மார்க் ஷீட், ஒப்புகைச் சீட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் பையில் பிரமாணப் பத்திரத்தின் மூன்று நகல்கள், விதியின் இரண்டு நகல்கள், ஒரு வாக்குவாதம் எல்லாம் தயாராக இருந்தன.

“ஆதார் வந்ததும் ஒரு காப்பி கொடுத்துடுங்க,” என்றவள், புதுப் பெயரைச் சொல்லி அழைத்து, கூடத்தில் போடும் வெள்ளைக் கோட்டின் அளவு மீடியமா லார்ஜா என்று கேட்டாள்.

“மீடியம்,” என்றாள் மகள்.

“லார்ஜ் வாங்கு. நான் பிடிச்சுத் தைச்சுத் தாரேன்,” என்றாள் தாய்.