அம்பு போகாத ஊர்

ரிஹானா சிறுவயதில் மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து வந்தவள். போருக்குப் பிறகு மதுரங்குளியில் ஒரு மீள்குடியேற்ற நிறுவனத்தில் வேலை செய்தாள். கூட்டத்தில் காட்டும் ஸ்லைட்களை எழுத்தில் சுருக்கி, கண் தெரியாத குழு உறுப்பினர் செய்னுலாப்தீனுக்கு அனுப்புவாள். அவருடைய ஃபோன் அதை வாசித்துச் சொல்லும்.

அன்று ஸ்லைடில் இருந்த சொற்களை அப்படியே வரிசையாக எழுதினாள்: காணி, வீடு, மன்னாரின் ஐந்து ஊர்ப் பெயர்கள்.

அவர் அழைத்தார். "மகள், அஞ்சு ஊருக்கும் வீடு கிடைக்குமா?"

ரிஹானா ஸ்லைடைத் திறந்தாள். நான்கு ஊர்கள் ஒரே பெட்டிக்குள் பெரிய எழுத்தில் இருந்தன. காணியிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து அந்தப் பெட்டிக்கும் அம்புக்குறிகள் போயின. வெள்ளிமுனை மட்டும் மூலையில், சிறிய எழுத்தில், தனியே இருந்தது. அதற்கு அம்பு இல்லை.

"பிழையா எழுதிட்டன் மாமா. பொறுங்க."

திருத்தி எழுதினாள்: "முதலில் காணி, பிறகு வீடு. ஒரே பெட்டியில் பெரிதாகக் காட்டியுள்ள நான்கு ஊர்களுக்கே அம்பு போகிறது. வெள்ளிமுனை பெட்டிக்கு வெளியே, சிறிதாக உள்ளது. அதற்கு அம்பு இல்லை, காரணம் எழுதப்படவில்லை."

சற்று நேரத்தில் மீண்டும் அழைப்பு வந்தது. "வெள்ளிமுனை உங்கட ஊர்தானே, மகள்?"

"ஓம் மாமா."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அடுத்த ஸ்லைடைத் திறந்து, எந்த அம்பு எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கினாள்.