நாத்தனார் வீட்டு இருட்டு

என் நாத்தனாரை யாராவது புகழ்ந்தால் எனக்கு அடிவயிறு எரியும். அவளைப் புகழாத ஆளே எங்கள் சொந்தத்தில் கிடையாது என்பதால் கல்யாணமான நாள் முதல் என் வயிறு ஆறியதே இல்லை. நேரில் "அண்ணி" என்று கூப்பிடுவேன், வாங்க போங்க என்பேன். மனதுக்குள் அவள், இவள்தான். இங்கே மனதுக்குள் இருப்பதைத்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு அவள் ஒரே அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக் கூடத்தில் இளவயதிலிருந்தே இரவு வேலை. விடிய விடிய படுக்கை விரிப்புகளை வெந்நீர் இயந்திரத்தில் போட்டு எடுத்து, மடித்து, அடுக்கிவிட்டு, ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து படுப்பாள். தாய் இல்லாத தம்பியைப் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளத்தில்தான். "எங்கக்கா இல்லன்னா நான் இல்ல" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். என்னைப் பற்றி அவர் எல்லோரிடமும் சொல்வது, "இவ திரைச்சீலை நல்லா தைப்பா."

தைப்பேன்தான். கடைத்தெருவில் எனக்குச் சொந்தமாக ஒரு திரைச்சீலைக் கடை இருக்கிறது. புது வீடு கட்டுபவர்கள் தச்சருக்கு அடுத்தபடி என்னைத்தான் தேடி வருவார்கள். அதனால்தான் நடந்தது எனக்கு அவ்வளவு உறைத்தது.

என் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். போன மழைக்காலத்தில் அவரை இரவுப் பணிக்கு மாற்றினார்கள். பகலில் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புரண்டு புரண்டு படுத்துவிட்டு மதியத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கண் இரண்டும் சிவந்து கிடக்கும். ஒரு நாள் நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், சிக்னலில் வண்டி நிற்கும்போதே கண் அசந்துவிட்டார். உள்ளே நோயாளி இல்லை, வண்டியும் நகரவில்லை, தப்பித்தார். மேலதிகாரி கூப்பிட்டு, "ஒழுங்கா தூங்கிட்டு வா, இல்லன்னா ஸ்டியரிங்க தொடாத" என்று சொல்லிவிட்டார்.

விடுவேனா? கடையில் இருந்ததிலேயே உயர்ந்த பிளாக் அவுட் துணியை எடுத்தேன். ஒளி துளிகூட ஊடுருவாத மூன்றடுக்குத் துணி, அடர்ந்த திராட்சை நிறம். பித்தளைக் கம்பி, இரு முனையிலும் செதுக்கிய குமிழ், பெரிய வளையங்கள். மடிப்பு மடிப்பாக அலையடிக்கிற மாதிரி தைத்து, தேக்கு ஜன்னல் சட்டம் இருபுறமும் அழகாகத் தெரிகிற அளவுக்கு அகலம் வைத்து மாட்டினேன். பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். அவர் அதன் கீழே ஒரு வாரம் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

படுத்தவர் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லையாம்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவருடைய ஆம்புலன்ஸ் டிப்போவுக்குப் பின் தெருவில்தான் அவள் வீடு. பணி முடிந்ததும் நேராக அங்கே போவார், தூங்குவார், சாயங்காலம் முகம் தெளிந்து வந்து என்னோடு ஒரு வாய் சாப்பிடுவார், மறுபடி வேலைக்குப் போவார். புருஷன் எனக்கு, தூக்கம் அவளுக்கு. பக்கத்துக் கடைக்காரி வேறு, "உங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் பகல்ல கண்ணுல படறதே இல்லையே" என்று இழுத்தாள். "வேலை ஜாஸ்தி" என்றேன். கத்தரிக்கோல் கையில் இருந்தது, கீழே வைத்துவிட்டேன்.

"அங்க மட்டும் எப்படிங்க தூக்கம் வருது?" என்று ஒரு சாயங்காலம் கேட்டேன்.

"தெரியல. போய்ப் படுத்தா வந்துடுது. அக்கா வீடு இல்லையா?"

அந்த 'இல்லையா' என்னை இரண்டு நாள் அரித்தது. மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடையை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு கிளம்பினேன். அப்படி என்ன மந்திரம் வைத்திருக்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். கூடத்து நடுவில், ஜன்னல் வெயில் முகத்தில் விழ, பாயில் நாத்தனார் படுத்திருந்தாள். கண்ணில் ஒரு மலிவான கண்பட்டை. மூக்கோரம் விரற்கடை அகலத்துக்கு இடைவெளி, அதன் வழியாக வெயில் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாடா பிய்ந்து முடிச்சுப் போட்டிருந்தாள். பார்த்ததும் முதலில் எனக்கு வந்த எண்ணம், இதைத் தைத்தவன் கையை உடைக்க வேண்டும் என்பதுதான்.

ஒரே ஓர் அறை அந்த வீட்டில். கதவை மெல்லத் திறந்தேன். உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. அவர் குறட்டை மட்டும் கேட்டது. என் வீட்டில் நான் கேட்டு எத்தனை நாளாயிற்று அந்தக் குறட்டை! கதவிடுக்கு வெளிச்சத்தில் ஜன்னலைத் தேடினேன். திரைச்சீலையே இல்லை. பழைய மருத்துவமனைக் கம்பளி ஒன்று. மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, சட்டத்தை அப்படியே ஜன்னல் குழிக்குள் அழுத்திச் சொருகியிருந்தாள். சாயம் போய், ஓரம் நைந்து, பார்க்கவே சகிக்கவில்லை. ஆனால் ஊசிமுனை வெளிச்சம் இல்லை.

திரும்பினால் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "சத்தம் போடாத, சமையக்கட்டுக்கு வா" என்று கையைக் காட்டினாள்.

சமையலறை மேடையில் அவருடைய போன் சார்ஜரில் கிடந்தது. நான் தலைகீழாக நின்றாலும் தலைமாட்டை விட்டு நகர்த்தாத போன்!

"குடுத்துடுறாரா?" என்றேன். குரல் எனக்கே கசந்தது.

"கேட்டேன், குடுத்துட்டான். ஆபீஸ்ல கூப்பிட்டா நான் எழுப்புவேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்படி என்னதான் அண்ணி பண்றீங்க? எங்க வீட்டுத் துணி உங்க கம்பளிய விட நூறு மடங்கு ஒசத்தி."

"துணி ஒசத்திதான். நான் வந்து பாத்தேனே. ஆனா மேல கம்பிக்கும் சுவத்துக்கும் நடுவுல வெளிச்சம் கொட்டி, கூரையெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் அப்படியே. அன்னைக்கே சொல்லியிருப்பேன், நீ தப்பா எடுத்துப்பேன்னு விட்டுட்டேன்."

எடுத்திருப்பேன்தான். அதுவும் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று இன்னும் எரிந்தது.

அவளுக்கும் ஆரம்பத்தில் பகல் தூக்கம் வராதாம். ராத்திரி வேலைக்காரர்களுக்கு மருத்துவமனை டாக்டர் ஒருவர் வகுப்பு எடுத்தாராம். "ஒடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அது ராத்திரின்னு நெனைக்கிற நேரத்துல மெலடோனின்னு ஒண்ணு சுரக்கும். மாத்திரை போட்ட மாதிரி அடிச்சுப் போடாது, ராத்திரி ஆயிடுச்சுன்னு ஒடம்புக்குச் சொல்லும், அவ்வளவுதான். கண்ணுல வெளிச்சம் பட்டா அது கொறஞ்சிடும். கண்ண மூடுனாலும் இமை வழியா கொஞ்சம் வெளிச்சம் போகுது. பகல்ல அது எப்படியும் கொஞ்சமாத்தான் இருக்கும், இருக்கிறதையும் வெயில் வந்து தொரத்தக் கூடாதுன்னுதான் இந்த இருட்டு. காலையில அவன் உங்க வீட்டுக்கு பஸ் ஜன்னலோரமா வெயில் குடிச்சிக்கிட்டே வருவான், கடிகாரம் விடிஞ்சிடுச்சுன்னு முடிவு பண்ணிடும். இங்க நாலு எட்டு நடக்கணும், அதுக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கேன்."

"அப்ப டிவில எரியற சிவப்புப் புள்ளி, சார்ஜர் வெளிச்சம் எல்லாம்?"

"அந்தப் பொட்டு வெளிச்சத்துக்கு மெலடோனின் ஒண்ணும் நிக்காது. ஆனா பாதியில முழிப்பு வந்தா கண்ணு அங்கதான் போயி உக்காந்துக்கும். எங்கிட்ட டிவியும் இல்ல, தொல்லையும் இல்ல."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி வேலை அவளுக்கும்தானே. அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு இவள் இத்தனை நாளும் வெயிலில் படுத்திருக்கிறாள்.

"கூட்டிட்டுப் போயிடும்மா" என்றாள் மெதுவாக. "எனக்கு என் ரூம் வேணும். நேத்து தூக்கக் கலக்கத்துல ஓடற மெஷின்ல கைய விடப் பாத்தேன். அவங்கிட்ட என்னால சொல்ல முடியல."

பாவம் என்று நினைத்தேன். நினைத்த கையோடு, இந்தத் தியாகத்தையும் இவளே செய்து தொலைத்துவிட்டாளே, எனக்கென்று ஒன்று மிச்சம் வைத்தாளா என்றும் நினைத்தேன்.

அவள் கண்பட்டையைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கறுப்புத் துணியில் புதிதாக ஒன்று தைத்தேன். கண் அமுங்காமல் இருக்க இரண்டு குழிவு, மூக்கோரம் படிந்து நிற்க ஒரு சிறிய மெத்தை, அகலமான நாடா. அவள் ஆயுசுக்கும் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கக் கூடாது என்ற வெறியில் தைத்துக் கொடுத்தேன்.

பிறகு என் வீட்டுப் பித்தளைக் கம்பியைக் கழற்றினேன். மனசு கேட்கவில்லை, குமிழை மட்டும் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அதே துணியை ஜன்னலுக்கு இருபுறமும் ஒரு முழம் தாண்டிப் போகிற மாதிரி ஒட்டுப்போட்டு, ஓரங்களைச் சுவரோடு வெல்க்ரோவில் ஒட்டினேன். தச்சரைக் கூப்பிட்டு மேலே பெட்டி மாதிரி ஒரு பலகை மூடி அடிக்கச் சொன்னேன். "நல்லா இருந்ததை ஏம்மா கெடுக்கிறீங்க?" என்றார். "வேண்டுதல்" என்றேன்.

நண்பகல் வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு நடு அறையில் நின்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக ஒவ்வொன்றாக முளைத்தன. டிவியின் சிவப்பு, வைஃபை பெட்டியின் பச்சைச் சிமிட்டல், ஏசியின் எண்கள், என் சார்ஜரின் நீலம். சார்ஜரைப் பிடுங்கினேன். வைஃபை பெட்டியைக் கூடத்துக்குக் கடத்தினேன். மீதிக்குக் கறுப்பு டேப். ஏசியில் ரிமோட் சிக்னலை வாங்கிக்கொள்கிற கண்ணை மட்டும் விட்டு ஒட்டினேன். புகை வந்தால் அலறும் கருவியின் விளக்கில் கை வைக்கவில்லை. பொட்டு வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்று அவள் சொன்னாள்தான். அவள் வீட்டில் இல்லாத புள்ளி என் வீட்டில் மட்டும் எதற்கு?

மறுநாள் காலை டிப்போ வாசலில் போய் நின்றேன். கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் கையை நீட்டினேன். "போனைக் குடுங்க. ஆபீஸ்ல கூப்பிட்டா நான் எழுப்புறேன்." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

படுத்தார். நான் கடையைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. என் வீட்டில், என் துணிக்குக் கீழே. எனக்கு அழுகை முட்டியது. மதியம் தாண்டியும் குறட்டை நிற்கவில்லை. மூன்று மணிக்கு, நிஜம்தானா என்று கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தேன்.

கோடு மாதிரி வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. அவர் கண்ணைத் திறக்காமல் புரண்டு படுத்தார்.

"அக்கா, கதவ சாத்து" என்றார்.

சாத்தினேன்.