திருத்தமே போடாத நிருபர்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஜீனத்துன்னிசாவை எல்லாருக்கும் தெரியும். ஜவுளிக்கடை ஜான் பாஷாவின் மூத்த மகள். பத்திரிகையில் பிழை திருத்துபவராக உள்ளே போய், இருபது வருடத்தில் அதே பத்திரிகையின் மாவட்டத் தலைமை நிருபராக உட்கார்ந்தவர். ஆரம்பத்தில் அவர் மொபெட்டில் சங்கராபுரம் கோர்ட்டுக்குப் போய்வந்தபோது, பெண்பிள்ளை இப்படி ஊர் சுற்றலாமா என்று ஜமாத்தில் நாலு பேர் கேட்டார்கள். கடையில் உட்கார்ந்து அரை நாள் பேப்பர் படிக்கிறீர்களே, அது யார் ஊர் சுற்றியதால் வந்தது என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கோபம் அவருக்குக் கூடப் பிறந்தது. கோபப்பட ஒன்றும் இல்லாத நாளில் மாத்திரை போட மறந்தவர்போல் இருப்பார் என்று தம்பி அப்சல் கேலி செய்வான்.

அந்தப் புதன்கிழமை கோபத்துக்குக் குறைவில்லை. நிருபர்களுக்கு ஆண்டு மதிப்பெண் போடும் வாரம் அது. தலைமை அலுவலகத்தின் படிவத்தில் நான்கு தலைப்புகள்: துல்லியம், சொந்தச் செய்தி, நேரம் தவறாமை, திருத்தங்களைக் கையாண்ட விதம். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துல்லியத்தை எப்படி அளக்கிறார்கள்? அந்த நிருபரின் செய்திக்கு வருடத்தில் எத்தனை திருத்தம் அச்சானது என்று எண்ணி, ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண் கழிக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவனுக்கு நோயே இல்லை என்று சான்றிதழ் கொடுப்பதைப் போன்ற கணக்கு.

இந்தக் கணக்கில் தமிழ்வேந்தன்தான் முதல். மலைப் பகுதியையும் சேர்த்துப் பார்க்கும் நிருபர். வருடம் முழுக்க ஒரு திருத்தம்கூட இல்லை. அவனை, பக்கங்கள் தயாராகும் விழுப்புரம் டெஸ்க்குக்குப் பதவி உயர்வில் எடுத்துக்கொள்ளப் போவதாக அங்கிருக்கும் செய்தி ஆசிரியர் கவியரசன் முன்பே போனில் சொல்லியிருந்தார். ஜீனத்துக்கும் அதில் மறுப்பு இல்லை. பையன் உழைப்பாளி. மற்றப் பத்திரிகைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எழுதியதை ஆளுக்கொரு தலைப்பு வைத்து அனுப்பிக்கொண்டிருக்கும்போது, இவன் கல்வராயன் மலையில் பாதை இல்லாத கிராமத்துக்கு நடந்தே போனவன். பிரசவ வலியில் இருந்த பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்ததை எழுதினான். அதற்குப் பிறகுதான் அங்கே சாலைக்கு அளவெடுக்க ஆள் வந்தது. சொந்தச் செய்திக்கு இருபத்தைந்தும் போட்டார். இரவு எட்டரைக்குப் பக்கம் முடியும். ஏழரைக்கே செய்தி வந்துவிடும். நேரத்துக்கும் முழு மதிப்பெண்.

துல்லியத்துக்கு வரும்போதுதான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

பெயர் சாலம்மாள். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர். காலை முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறாள். முந்தானையிலிருந்து மடித்த பேப்பரை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பத்தொன்பது நாளைக்கு முந்தைய மாவட்டப் பக்கம். மலையில் சாராய ஊறல் அழிப்பு என்று செய்தி. படத்தில் போலீசார் நடுவே பேரலைச் சாய்த்துப் பிடித்தபடி ஒரு மனிதர். கீழே, 'கைதான அம்மாசி' என்று போட்டிருந்தது.

அவர் சாலம்மாளின் கணவர். கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் போலீசார் கூப்பிட்டு, பேரலைச் சாய்க்க ஒரு கை கொடு என்றிருக்கிறார்கள். கொடுத்தார். படம் எடுத்தார்கள். சிரிக்காமல் நில் என்றார்கள், நின்றார். ஊறல் போட்டவன் ஓடிவிட்டான். போலீஸ் குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது: தப்பி ஓடியவரைத் தேடி வருகிறார்கள். குரூப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு, யார் இது என்று மலையில் ஒருவரிடம் போனில் கேட்டிருக்கிறான் தமிழ்வேந்தன். பெயர் சரி. ஊர் சரி. வயதும் சரி. குற்றம் மட்டும்தான் அந்த மனிதருடையது இல்லை.

"மேஸ்திரி வர மாட்டேன்னு சொல்லிட்டாரும்மா. வருசா வருசம் மொளகு பறிக்க கேரளாவுக்கு இட்டுகினு போவாரு. கேஸு இருக்கற ஆளு வாணாம்ங்கறாரு. வெள்ளிக்கெழம விடியாலயில வண்டி கெளம்புது. இத வுட்டா வூட்ல அடுத்த மழ வரைக்கும் வேலயில்ல."

இதை ஏன் முன்னமே வந்து சொல்லவில்லை என்று ஜீனத் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்தனே. செய்தி வந்த மூணாம் நாளே வந்தன். அந்தத் தம்பி கீழ டீக்கடையிலயே நிறுத்திப் பேசுச்சி. டீ வாங்கிக் குடுத்துச்சி. திருத்தம் போட்டா ஒன் புருசன் பேரு இன்னொரு வாட்டி பேப்பர்ல வரும், அது ஒனக்குத்தான் அசிங்கம், நானு போன்ல வர்றதுல இருந்து எடுத்துட்றன்னு சொல்லுச்சி."

எடுத்தும் விட்டான். இணையப் பக்கத்தில் இப்போது அந்தப் படமே இல்லை. எடுத்ததாக ஒரு வரியும் இல்லை. அச்சான பேப்பர் மட்டும் மலையில் டீக்கடை டீக்கடையாகக் கிடந்தது.

ஜீனத் மேஸ்திரியை போனில் பிடித்தார். அது தவறான செய்தி, அம்மாசி மீது எந்த வழக்கும் இல்லை என்று தன் பெயரும் பதவியும் சொல்லி விளக்கினார். அந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க சொல்றீங்க, நான் நம்பறன் மேடம். எஸ்டேட்காரன் நம்பணுமே. அவன் போன்லயும் அந்தப் பேப்பரு இருக்குது. பேப்பர்ல போட்டீங்க இல்ல, பேப்பர்லயே போடுங்க. காட்டிட்டு இட்டுகினு போறன்."

நியாயம். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பத்திரிகைச் சட்டமும் சொன்னதில்லை.

தமிழ்வேந்தன் மதியம் வந்தான். சாலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் ஜீனத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. படத்துக்குக் கீழே ஒரு கேப்ஷன்தானே மேடம், நேரமாகிவிட்டது, குரூப்பில் எல்லாரும் போட்டுவிட்டார்கள் என்று மெல்ல இழுத்தான்.

"கேப்ஷன் இல்ல வேந்தா. அந்தாளு. ஊருக்கெல்லாம் வழியில்லன்னு மல ஏறி எழுதினியே, அந்த மல ஆளு. அன்னிக்கு அவ்ளோ தூரம் நடந்தவன், இதுக்கு ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடலியா?"

"போட்டிருக்கணும் மேடம்."

"அது தப்பு. தப்பு எல்லாரும் பண்றதுதான். மூணாம் நாள் டீ வாங்கிக் குடுத்து அனுப்பினியே, அது இன்னா?"

திருத்தம் போட்டால் அஞ்சு மார்க் போகும், ஆபீஸ் மார்க்கும் சேர்ந்து குறையும், உங்களுக்கும்தான் கெட்ட பெயர் என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. மறைப்பவனுக்கு மாலை போடும் ஏற்பாட்டை மேலே உட்கார்ந்திருப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். இவன் அதைப் பாடமாகப் படித்து முதல் மார்க் வாங்கியிருக்கிறான்.

திருத்தத்தை அவனையே எழுதச் சொன்னார். முதலில், 'தவறுதலாகப் பிரசுரமாகிவிட்டது' என்று எழுதினான். ஜீனத் அடித்தார். பிரசுரம் தானாக ஆகாது, யாரோ செய்தால்தான் ஆகும் என்றார். நான்காவது தடவையில் சரியாக வந்தது: அம்மாசி கைது செய்யப்படவில்லை, அவர்மீது வழக்கு இல்லை, போலீசாருக்கு உதவியாக நின்றவர் அவர், விசாரிக்காமல் எழுதியது நமது நிருபரின் தவறு, வருந்துகிறோம். ஸ்டேஷனில் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். செய்தி வந்த அதே மூலையில், அதே அளவில், படத்தோடு வரவேண்டும் என்று பக்கத் திட்டத்தில் குறித்து, ஏழு மணிக்கே விழுப்புரத்துக்கு அனுப்பினார். நாளைக்குப் பேப்பரில் வரும் என்று சொல்லி சாலம்மாளைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை பேப்பரில் அந்த மூலையில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது.

போனில் கவியரசனின் குரல் பதமாக வந்தது. படத்தோடு திருத்தம் போடுவது வழக்கமே இல்லை, சட்ட ஆலோசகர் பார்க்கட்டும் என்று நிறுத்தி வைத்தேன் என்றார். அதோடு, மதிப்பெண் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்த வாரம் சின்னதாக உள்ளே போட்டுக்கொள்ளலாமே என்றார்.

"சார், தப்பா போட்டப்ப எந்த வக்கீல் பாத்தாரு?"

அவர் தொடங்குவதற்குள் ஜீனத்தே தொடர்ந்தார்.

"இன்னிக்கு ராத்திரி அது வரலன்னா, என் மாவட்டப் பக்கத்துக்கு நான் பொறுப்பு இல்லன்னு ஆசிரியருக்கே மெயில் போட்றன். இன்னாத்துக்குன்னும் எழுதறன். என் மார்க்கையும் கொறச்சிக்குங்க."

ஜீனத்தம்மா எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறீர்கள் என்றார் அவர். ஆமாம் என்றார் ஜீனத்.

வெள்ளிக்கிழமை வந்தது. படத்தோடு, அதே மூலையில், அதே அளவில். கடைசி வரியில் யாரோ கை வைத்து, 'நமது நிருபரின்' என்பதை மட்டும் நீக்கியிருந்தார்கள். மற்றபடி முழுசாக இருந்தது. மலைக்குப் போகும் பேப்பர் கட்டு முதல் பஸ்ஸில்தான் ஏறும். வெள்ளிமலையில் பேப்பர் இறங்க எட்டு மணி தாண்டிவிடும். இதை இருபது வருடமாக அறிந்தவர் ஜீனத். அறிந்தும், ஒருவேளை மேஸ்திரியின் வண்டி தாமதமாகலாம் என்று காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்குப் பேசியது சாலம்மாள். பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து.

"பேப்பரு வந்துச்சிம்மா. படிச்சிக் காமிச்சாங்க. நல்லாத்தான் போட்டிருக்கீங்க. வண்டி பூட்ச்சி."

திட்டியிருந்தால் தேவலை. அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஜீனத் மேஸ்திரிக்கு போன் போட்டார். வண்டி சேலம் தாண்டிவிட்டது, ஆள் கணக்கு நிரம்பிவிட்டது, வருகிற வருடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

படிவம் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள் அன்றுதான். தமிழ்வேந்தன் எதிரே உட்கார்ந்திருந்தான். போன் பேச்சு முழுவதும் அவன் காதிலும் விழுந்திருந்தது. சொந்தச் செய்தி, இருபத்தைந்து. நேரம், இருபத்தைந்து. அதில் ஒன்றைக்கூட ஜீனத் குறைக்கவில்லை. உழைத்ததற்கு உரியது அது. துல்லியத்தில் விதிப்படி ஐந்தைக் கழித்து இருபது போட்டார். இந்தக் கணக்கு பொய், திருத்தம் போட்டவனையல்ல, போடாமல் மறைத்தவனையே தண்டிக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். கடைசித் தலைப்பில் முந்தின நாள் பென்சிலால் பத்து என்று குறித்து வைத்திருந்தார், திருத்தத்தைக் கடைசியில் அவனே எழுதினானே என்பதற்காக. அதை அழித்துவிட்டுப் பேனாவில் பூஜ்யம் போட்டார்.

காரணம் எழுதும் இடத்தில் எழுதினார்: 'நிருபர் பதினாறு நாள் மறைத்தார். டெஸ்க் ஒரு நாள் நிறுத்தியது. திருத்தம் வந்து சேர்ந்தபோது அந்த மனிதரின் இந்த வருட வேலை போய்விட்டது. இதே பூஜ்யத்தை டெஸ்க்குக்கும், டீக்கடையில் நடந்ததை அறியாமல் மேலே உட்கார்ந்திருந்த எனக்கும் போட வேண்டும்.'

படிவத்தை அவன் பக்கம் தள்ளினார். ஒப்புக்கொள்ளாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம், மறுப்பு எழுத உனக்கு உரிமை உண்டு, அதையும் சேர்த்தே அனுப்புவேன் என்றார். விழுப்புரம் வேலை இதோடு போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அவன் இரண்டு முறை படித்தான். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை.

"மேடம், இன்னும் ரெண்டு இருக்குது. தப்பா போட்டுட்டு, சொல்லாம எடுத்துட்டது. ஒண்ணு திருக்கோவிலூர்ல ஒரு வாத்தியாரு. இன்னொண்ணு இங்கயே, ஒரு பொண்ணு."

ஜீனத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. மேஜையைத் தட்டத் தூக்கிய கையால் வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"மொதல்ல பொண்ணு. எழுது."